பின்புலத்தை நீக்கிய பிறகும் படத்தைச் சுற்றி மிதக்கும் துகள்களைத் துடைப்பது எப்படி?

பலகாரக் கடைக்கு ஒரு லோகோ. மேலே ஒரு முள்ளு முறுக்கு, கீழே சிவப்பில் ‘முறுக்கு’ என்ற எழுத்து. கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய ஜேபெக் படம், வெள்ளைப் பின்புலம். அதைக் கருப்பு டிஷர்ட்டில் அச்சிட வேண்டும். கிம்ப் என்ற பட மென்பொருளில் திறந்து, `Layer > Transparency > Add Alpha Channel` கொடுத்து, வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, டெலீட் தட்டியதும் பின்புலம் போய்விடுகிறது. கட்டம் கட்டமாக வரும் வெற்றிடத்தில் முறுக்கும் எழுத்தும் மட்டும் நிற்பதாகத் தெரிகிறது. பிஎன்ஜியாகச் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பினால், வந்து சேரும் டிஷர்ட்டில் எழுத்தைச் சுற்றி மாவு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

அச்சகத்தின் மேல் தப்பில்லை. அந்தப் புள்ளிகள் கோப்பிலேயே இருந்தவை. டிடிஎஃப் அச்சில், அதாவது பிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் முறையில், கருப்புத் துணிமேல் நிறம் தெரிவதற்காக நிறங்களுக்கு அடியில் வரும்படி வெள்ளை மையில் ஓர் அடித்தளம் போடுவார்கள். எங்கெங்கே அந்த வெள்ளை வேண்டும் என்பதை அச்சு மென்பொருள் பெரும்பாலும் கோப்பின் ஒளிபுகும் தன்மையைப் பார்த்தே முடிவு செய்கிறது. பாதி மறைந்த ஒரு துகள் இருந்தாலும் அந்த இடத்துக்கும் கொஞ்சம் வெள்ளை மை போய்விடுகிறது. திரையில் கண்ணுக்குத் தப்பியது துணியில் பளிச்சென்று வந்து நிற்பது இதனால்தான்.

இந்தத் துகள்கள் எப்படி உண்டாகின்றன என்று புரிந்துவிட்டால் துடைப்பது எளிது. அதற்கு ஆல்ஃபா என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருப்பது பலருக்குத் தெரியும். பிஎன்ஜி போன்ற கோப்புகளில் நான்காவதாக இன்னோர் எண்ணும் உண்டு. அந்தப் பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. அதன் பெயர் ஆல்ஃபா. 0 என்றால் சுத்தமாகத் தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும். இடையில் உள்ளதெல்லாம் அரைகுறை. பின்புலத்தை நீக்குவது என்றால், வேண்டாத பிக்சல்களின் ஆல்ஃபாவை 0 ஆக்குவதுதான். 0 வரை போகாமல் நடுவழியில் நின்றுவிட்ட பிக்சல்கள்தான் நம் துகள்கள்.

ஏன் நடுவழியில் நிற்கின்றன? நம் லோகோவிலேயே பார்க்கலாம். பார்வைக்கு அந்தப் பின்புலம் முழு வெள்ளை. ஆனால் ஜேபெக், படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரே கட்டத்துக்குள் சிவப்பு எழுத்தின் விளிம்பும் வெள்ளைத் தாளும் வந்துவிட்டால், அந்தக் கட்டத்தின் வெள்ளைப் பகுதியில் இலேசான அழுக்கு படிகிறது. நிற எண் 255 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 248, 240, 237 என்று எண்கள் சிதறிக் கிடக்கும். வாட்ஸப்பில் போகும்போது படம் இன்னொரு முறை சுருக்கப்படுவதால் அழுக்கு கூடுகிறது. எழுத்தையும் முறுக்கின் முட்களையும் ஒட்டியே துகள்கள் அதிகம் இருப்பதற்கும், வெறும் வெள்ளையாக இருந்த மூலைகளில் அநேகமாக இல்லாமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது `Select by Color` கருவியால் வெள்ளையைச் சொடுக்குகிறோம். அதன் `Threshold` வழக்கமாக 15. அதாவது சொடுக்கிய நிறத்திலிருந்து 15 வரை விலகியவை முழுதாகத் தேர்வாகும். `Antialiasing` பெட்டியில் டிக் இருந்தால், 15ஐத் தாண்டியதும் தேர்வு சட்டென்று நிற்பதில்லை. ஏறக்குறைய 22 வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். 237 என்ற பிக்சல் வெள்ளையிலிருந்து 18 விலகியிருக்கிறது. அது ஏறத்தாழ 60 சதவீதம்தான் தேர்வாகும். டெலீட் தட்டினால் 60 சதவீதம் அழிந்து, 40 சதவீதம் மிஞ்சும். அப்படி மிஞ்சியது வெள்ளைக்கு மிக நெருங்கிய சாம்பல். வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் அது தெரியவே தெரியாது. கிம்ப்பின் கட்டங்கள்மேலும் கண்ணுக்குச் சுலபத்தில் படாது. கருப்பில் வைத்தால்தான் முகத்தைக் காட்டும்.

ஆகவே முதல் வேலை துடைப்பதல்ல, பார்ப்பது. லோகோ லேயருக்குக் கீழே ஒரு புது லேயர் போட்டு அதைக் கருப்பால் நிரப்புங்கள். பழைய பின்புலம் எந்த நிறமோ அதற்கு எதிர்நிறத்தைக் கீழே போடுவது நல்லது. வெள்ளையை நீக்கியிருந்தால் கருப்பு, பச்சைத் திரையை நீக்கியிருந்தால் மெஜந்தா. பாதித் துகள்கள் இப்போதே தெரிந்துவிடும். மீதிப் பாதி, ஆல்ஃபா 3, 5, 8 என்று மிக மங்கலாக இருப்பவை, கருப்பிலும் தெரியாது. அவற்றைப் பிடிக்க லோகோ லேயரை ஒரு நகல் எடுத்து, நகலின்மேல் இதைச் செய்யுங்கள்:

`Layer > Transparency > Threshold Alpha`

வரும் பெட்டியில் அளவை 0.001க்குக் குறைத்துவிடுங்கள். கொஞ்சமாவது உயிரோடிருக்கும் பிக்சலெல்லாம் முழுதாகத் தெரிய ஆரம்பிக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் திகைத்துப் போவார்கள். சுத்தமாக இருப்பதாக நினைத்த எழுத்தைச் சுற்றி ஒரு புழுதி மண்டலமே இருக்கும். இந்த நகல் பார்வைக்கு மட்டும்தான். பார்த்து முடித்ததும் அதன் கண் அடையாளத்தை அணைத்துவிடுங்கள், வேலையை மூல லேயரில் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். `Alpha to Selection` கொடுத்து, ஓடும் கோடு எங்கெங்கே சுற்றுகிறது என்று பார்த்துத் துகள்களைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பார்கள். அந்தக் கோடு, பாதிக்கு மேல் தேர்வான பிக்சல்களைச் சுற்றி மட்டும்தான் ஓடும். 40 சதவீதத்தில் நிற்கும் நம் துகளைச் சுற்றிக் கோடு வராது. ஆனால் அது தேர்வுக்குள் இருக்கும். ஃபோட்டோஷாப்பிலும் இதே கதைதான். 50 சதவீதத்துக்கு மேல் எதுவும் தேர்வாகவில்லை என்றால் விளிம்பு தெரியாது என்று அது எச்சரிக்கைகூடக் கொடுக்கும். கோடு இல்லாததை வைத்துத் துகள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இனித் துடைக்கலாம். அழிப்பானை எடுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தேய்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பத்துப் புள்ளி என்றால் சரி. நூற்றுக்கணக்கில் இருந்தால் முடியாது. மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷால் தேய்த்தாலோ, அந்த விளிம்பே புதிய அரைகுறைப் பிக்சல்களை விட்டுச்செல்லும். அதைவிட ஆல்ஃபாவை வெளியே எடுத்து, கண்ணால் பார்க்கும்படி ஒரு கருப்பு வெள்ளைப் படமாக்கிக்கொண்டு வேலை செய்வது நல்லது. அதற்கு:

`Layer > Mask > Add Layer Mask`

வரும் பட்டியலில் `Transfer layer's alpha channel` என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேயரின் ஆல்ஃபா முழுவதும் மாஸ்க்குக்கு மாறிவிடும். பிறகு `Layer > Mask > Show Layer Mask` கொடுத்தால் அந்த மாஸ்க்கே திரையில் வரும். முறுக்கும் எழுத்தும் வெள்ளையாக, வெற்றிடம் கருப்பாக, துகள்களெல்லாம் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். எதையும் நிரந்தரமாக அழிக்காமல் வேலை பார்க்கலாம் என்பது இந்த வழியின் பெரிய லாபம்; தவறாக ஒன்றைக் கருப்பாக்கிவிட்டால் வெள்ளை பூசித் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறு படம் தேர்வாகியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லேயர் தேர்வாகியிருந்தால் நீங்கள் பூசும் கருப்பு லோகோவின்மேல் விழும்.

இரண்டு வகைத் துகள்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று, மிக மங்கலானவை. இரண்டாவது, ஓரளவு அழுத்தமாக இருந்தாலும் உருவத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பவை.

மங்கலானவற்றுக்கு `Colors > Levels` போதும். மாஸ்க் தேர்வாகியிருக்கும்போது இதைத் திறந்து, மேலேயுள்ள `Input Levels` பட்டையின் கீழ் இடது ஓரத்திலிருக்கும் கருப்பு முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துங்கள். அந்த முக்கோணத்துக்கு இடப்பக்கம் விழும் சாம்பல் எல்லாம் முழுக் கருப்பாகிவிடும், அதாவது ஆல்ஃபா 0. பட்டையின் மொத்த நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. இழுக்க இழுக்கத் துகள்கள் மறைவதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பாதி வரை கொண்டுபோய்விடுவார்கள். அங்கேதான் கெடுகிறது. எழுத்தின் வளைவுகள் வழவழப்பாகத் தெரிவதற்குக் காரணமே விளிம்பிலிருக்கும் ஒன்றிரண்டு பிக்சல் அகல அரைகுறை ஆல்ஃபாதான். பாதி வரை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய், ‘மு’வின் வளைவு படிக்கட்டாகிவிடும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வளைவைப் பார்த்துக்கொண்டே முக்கோணத்தை நகர்த்தினால் எங்கே நிறுத்துவதென்று தெரிந்துவிடும்.

நம் 40 சதவீதத் துகள் இதில் போகாது. அதுவும் விளிம்புப் பிக்சலும் ஆல்ஃபா எண்ணில் ஒன்றேதான். எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். விளிம்புப் பிக்சல் எழுத்தோடு ஒட்டியிருக்கிறது, துகள் ஒட்டவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை தானாக நடக்கும்.

மாஸ்க் திரையில் இருக்கும்போதே `Fuzzy Select` கருவியை எடுங்கள், விசைப்பலகையில் U. கருவியின் அமைப்புகளில் `Antialiasing`, `Feather edges`, `Sample merged` மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். `Threshold`ஐ 200 அளவுக்கு உயர்த்துங்கள். இப்போது வெள்ளை முறுக்கின்மேல் ஒருமுறை சொடுக்கினால், அதோடு தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளையும் சாம்பலும் மட்டும் தேர்வாகும். முறுக்கின் மெல்லிய முட்கள் உடலோடு ஒட்டியிருப்பதால் உள்ளே வந்துவிடும். இரண்டு பிக்சல் தள்ளி மிதக்கும் துகள் வராது. கோடு முறுக்கை விட்டு வெளியே போய்ப் படத்தின் பாதியை வளைத்துக்கொண்டால், மங்கலான புழுதி இன்னும் பாலமாக இருக்கிறது என்று அர்த்தம். தேர்வை நீக்கி, `Threshold`ஐக் கொஞ்சம் இறக்கி மறுபடி சொடுக்குங்கள்.

அடுத்து ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்க வேண்டும்: மு, று, க, கு. இங்கே நில்லுங்கள். நம் சொல்லில் ‘க்’ இருக்கிறது. அதன் தலையில் இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டவில்லை. மென்பொருளின் கணக்கில் அதுவும் தனியாக மிதக்கும் ஒரு துகள்தான். அதைச் சொடுக்காமல் விட்டால் டிஷர்ட்டில் ‘முறுககு’ என்று வரும். தமிழ் எழுத்துள்ள எந்த லோகோவிலும் துகள் துடைக்குமுன் புள்ளிகளை எண்ணிக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘ஃ’ இருந்தால் மூன்றையும் தனித்தனியே சொடுக்க வேண்டும். நம் லோகோவில் முறுக்குக்கு ஒன்று, எழுத்து உடல்களுக்கு நான்கு, புள்ளிக்கு ஒன்று என மொத்தம் ஆறு சொடுக்கு.

வேண்டியதெல்லாம் தேர்வான பிறகு `Select > Grow` கொடுத்து 3 பிக்சல் வையுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. தேர்வின் கோடு எழுத்தின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. அப்படியே வெளிப்புறத்தை அழித்தால் மென்மையான விளிம்பின் கடைசிப் பிக்சல்களும் சேர்ந்து போய்விடும். 3 பிக்சல் விரித்துவிட்டால் விளிம்பு முழுதும் பத்திரமாக உள்ளே இருக்கும். பிறகு `Select > Invert`. இப்போது தேர்வில் இருப்பது, வேண்டிய உருவங்களையும் அவற்றின் 3 பிக்சல் வேலியையும் தவிர மற்ற எல்லாம். D விசையைத் தட்டினால் முன்புற நிறம் கருப்பாகும். `Edit > Fill with FG Color` கொடுங்கள். மிதந்துகொண்டிருந்த அத்தனை துகளும் ஒரே அடியில் போய்விடும், எத்தனை ஆயிரம் இருந்தாலும். எழுத்தின் விளிம்பில் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது.

உருவங்கள் நிறைய இருந்து, ஒவ்வொன்றாகச் சொடுக்க முடியாத இடத்தில், உதாரணமாக நாலு வரிக் கவிதை எழுதிய போஸ்டரில், வேறு வழி இருக்கிறது. அங்கே அளவை வைத்துப் பிரிக்கலாம். `Alpha to Selection` கொடுத்து, `Select > Shrink` 2 பிக்சல். எல்லாப் பக்கமும் 2 பிக்சல் சுருங்குவதால் 4 பிக்சலுக்குள் அடங்கும் துகள்களின் தேர்வு காணாமல் போய்விடும். 20, 25 பிக்சல் அகலமுள்ள புள்ளிகள் தப்பித்துக்கொள்ளும். பிறகு `Grow` 5 பிக்சல், `Invert`, டெலீட். சுருக்கியதைவிட 3 பிக்சல் கூடுதலாக விரிப்பது முன்பு சொன்ன அதே வேலிக்காகத்தான். ஆனால் நம் முள்ளு முறுக்கில் இதைச் செய்தால் வம்பு: 3 பிக்சல் அகலமுள்ள முள் நுனிகளும் சுருக்கும்போது மறைந்துவிடும், விரித்தால் முழுதாகத் திரும்பி வராது, நுனி மழுங்கிப்போகும். மெல்லிய சங்கிலி, தலைமுடி, கோலக் கோடு உள்ள படங்களுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கெல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் முதல் வழிதான்.

இரண்டு வழியிலும் மிஞ்சுபவை உண்டு: அந்த 3 பிக்சல் வேலிக்குள்ளேயே கிடக்கும் துகள்கள். முறுக்கின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடைவெளிகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். 6 பிக்சலுக்குக் குறைவான இடைவெளி என்றால் இரு பக்க வேலிகளும் நடுவில் சந்தித்துவிடும். உள்ளே இருந்த தூசி அப்படியே தங்கிவிடும். இங்கேதான் கைவேலை வேண்டும். 400 சதவீதம் பெரிதாக்கி, `Hardness` 100 வைத்த சிறிய பிரஷ்ஷால் மாஸ்க்கின்மேல் கருப்புப் பூசுங்கள். பெரும்பாலான படங்களில் இந்தக் கைவேலைக்குச் சில நிமிடம் போதும், ஏனென்றால் சுமையின் பெரும்பகுதி ஏற்கெனவே இறங்கிவிட்டது. மாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துக்குள் கருப்பு ஓட்டைகள் ஏதாவது இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அவை துகள்களின் எதிர்ப்பக்கம், உருவத்துக்குள் தவறுதலாக அழிந்த புள்ளிகள். அவற்றின்மேல் வெள்ளை பூசினால் பழைய நிறம் திரும்பிவிடும்.

எழுத்தைச் சுற்றி விடாமல் ஒரு வெள்ளை வளையம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது துகள் பிரச்சினை அல்ல. விளிம்புப் பிக்சலில் பழைய பின்புலத்தின் நிறம் கலந்திருப்பதால் வருவது அது, அதற்கு மருந்தும் வேறு.

எல்லாம் முடிந்ததா என்று கண்ணை நம்பாமல் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் `Layer > Mask > Apply Layer Mask` கொடுத்து மாஸ்க்கை லேயரோடு சேர்த்துவிடுங்கள். பிறகு லேயரை நகலெடுத்து, நகலில் `Layer > Crop to Content` கொடுங்கள். காலி இடத்தையெல்லாம் வெட்டி, உள்ளடக்கம் இருக்கும் அளவுக்கு லேயரின் சட்டம் சுருங்கும். முறுக்கின் உச்சியையும் எழுத்தின் அடியையும் தொட்டுக்கொண்டு சட்டம் நின்றால், வெளிப்பக்கம் சுத்தம். சட்டம் எங்கோ தூரத்தில் நின்றால், அந்தக் கோட்டின்மேல் எங்கேயோ ஒரு துகள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆல்ஃபா 1 இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பக்கம் சுருங்க மறுக்கிறதோ அந்தப் பக்கம் தேடினால் போதும். எழுத்துகளுக்கு நடுவிலிருக்கும் துகளை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு முன்பு செய்த `Threshold Alpha`தான் இன்னொரு முறை.

கடைச் சரக்குகள் ஐம்பது, நூறு படங்கள் என்று வந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது ஆகாது. கட்டளை வரியில் பழக்கமுள்ளவர்கள் இமேஜ்மேஜிக்கில் இரண்டு வரியில் முதல் கட்டத்தை முடிக்கலாம்:

```
magick logo.png -alpha extract -threshold 0 check.png
magick logo.png -channel A -level 10%,100% +channel clean.png
```

முதல் வரி, ஆல்ஃபா கொஞ்சமாவது உள்ள பிக்சலையெல்லாம் வெள்ளையாக்கி ஒரு சோதனைப் படம் தருகிறது. எந்தப் படத்தில் புழுதி அதிகம் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது வரி, 10 சதவீதத்துக்குக் கீழுள்ள ஆல்ஃபாவை 0 ஆக்குகிறது, `Levels` முக்கோணம் செய்த அதே வேலை. தனியே நிற்கும் அழுத்தமான துகள்கள் இதில் போகாது. சோதனைப் படத்தில் அவை தெரியும் கோப்புகளை மட்டும் கிம்ப்பில் திறந்துகொள்ளலாம்.

துகள்கள் குறைவாக உண்டாகும்படி தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளவும் முடியும். கடைக்காரரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வந்தால் மறுபடி சுருக்கப்படாது, ஜேபெக் அழுக்கும் கூடாது. வெள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது `Threshold`ஐ 15லேயே விடாமல் 30, 40 என்று ஏற்றிப் பாருங்கள். நம் லோகோவில் சிவப்பு வெள்ளையிலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதால் 40 வைத்தாலும் எழுத்துக்கு ஆபத்தில்லை, 237 என்ற அந்தப் பிக்சலோ முழுதாகத் தேர்வாகி அழிந்துவிடும். வெளிர்மஞ்சள் முறுக்காக இருந்தால் அவ்வளவு ஏற்ற முடியாது. முறுக்கின் வெளிச்சம் பட்ட பக்கமே ஓட்டையாகிவிடும். அங்கே குறைந்த அளவில் தேர்ந்தெடுத்து, மிஞ்சுவதை மேலே சொன்னபடி மாஸ்க்கில் துடைப்பதுதான் சரி.

அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு பிஎன்ஜியாகவே இருக்கட்டும். ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. அதில் சேமித்த அந்த நொடியில் வெற்றிடமெல்லாம் ஏதோ ஒரு நிறத்தால் நிரம்பிவிடும், எழுத்தைச் சுற்றிப் புது அழுக்கும் படியும்.